பணம் சேர்த்தது பக்தியா, படிப்பா?

வயலில் கதிர் முற்றி விட்டது. மழை வந்தால் எல்லாம் பாழ். பண்ணைக்காரர் என்ன செய்வார்? "கூலியைக் கூட்டித் தருகிறேன், சீக்கிரம் அறுத்து முடியுங்கள்" என்பார்.

கூலி கூடினால் வேலையும் கூடும் என்றுதானே நாம் நினைப்போம்? ஆனால் நடந்தது வேறு!

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் நிலத்தை "மார்கன்" என்ற கணக்கில் அளந்தார்கள். அது ஏக்கரை விடச் சிறியது. ஒரு மார்கன் அறுத்தால் ஒரு மார்க் கூலி. ஒருவன் நாளுக்கு 2½ மார்கன் அறுத்தான். 2½ மார்க் வாங்கினான்.

பண்ணைக்காரர் கூலியை 1¼ மார்க் ஆக உயர்த்தினார். இனி அவன் 3 மார்கன் அறுப்பான், 3¾ மார்க் வாங்குவான் என்று கணக்குப் போட்டார்.

அவனோ 2 மார்கன் மட்டும் அறுத்தான். பழைய 2½ மார்க் கைக்கு வந்ததும் அரிவாளைத் துடைத்துக் கொண்டு வீட்டுக்குப் போய் விட்டான்!

அவன் சோம்பேறி அல்ல. "எனக்கு 2½ மார்க் போதும். அதற்கு எவ்வளவு வேலை செய்ய வேண்டும்?" என்று கேட்டான். "நான் எவ்வளவு சம்பாதிக்க முடியும்?" என்று அவன் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த உதாரணத்தை எழுதியவர் மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மன் அறிஞர். "மனிதன் இயல்பாகவே மேலும் மேலும் பணம் வேண்டும் என்று அலைபவன் அல்ல. வழக்கம்போல் வாழ வேண்டும், அதற்கு வேண்டியது கிடைத்தால் போதும் என்று நினைப்பவன். அப்படியானால் ஓயாமல் உழைத்து, ஓயாமல் பணத்தைப் பெருக்கும் முதலாளி எங்கிருந்து வந்தான்?" - இதுதான் அவர் கேட்ட கேள்வி.

அவர் சொன்ன பதில் உலகத்தைத் திகைக்க வைத்தது. "அவன் மாதா கோவிலிலிருந்து வந்தான்" என்றார் வேபர்!

அந்தப் பதில் சரியா, தவறா? 100 ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

வேலை செய்ய முடியாத பேராசிரியர்

வேபர் 1864-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தை அரசியல்வாதி, சுகமாக வாழ விரும்பியவர். தாய் ஹெலன் பக்தி மிகுந்தவர், சிக்கனமானவர். சொந்தக்காரர்கள் லினன் துணி வியாபாரிகள்.

வேபர் இளவயதிலேயே பேராசிரியர் ஆனார். இரவு பகல் பாராமல் உழைத்தார். 1897-ம் ஆண்டு தந்தைக்கும் மகனுக்கும் பெரிய சச்சரவு. தாயின் பக்கம் நின்று தந்தையைக் கடிந்து பேசினார் மகன். சமாதானம் ஆகும் முன்பே தந்தை இறந்து விட்டார்.

அதன் பிறகு வேபருக்குத் தூக்கம் போயிற்று. வகுப்பு நடத்த முடியவில்லை. புத்தகத்தைத் தொடவும் முடியவில்லை. பல ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. வேலையை விட்டே விலகினார்.

அந்த நோயிலிருந்து மெல்ல எழுந்தபோது அவர் எழுதிய கட்டுரைதான் இது. 1904, 1905-ம் ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. "புராட்டஸ்டண்டு ஒழுக்க நெறியும் முதலாளித்துவ மனப்பான்மையும்" என்பது அதன் தலைப்பு. மனிதன் ஏன் வேலையை ஒரு கடமையாகக் கட்டிக் கொண்டு அழுகிறான் என்ற கேள்வி அவருக்கு வெறும் பாடம் அல்ல. சொந்த வேதனை!

துறவி வெளியே வந்தார்

புராட்டஸ்டண்டுகள் யார்? 1517-ம் ஆண்டு ஜெர்மனியில் விட்டன்பர்க் என்ற ஊரில், மார்ட்டின் லூதர் என்ற துறவி, போப்பாண்டவரின் சபையில் நடந்த முறைகேடுகளைக் கண்டித்தார். பாவ மன்னிப்புச் சீட்டு விற்பதை எதிர்த்தார். கிறிஸ்தவ சபை இரண்டாகப் பிளந்தது. போப்பாண்டவரோடு இருந்தவர்கள் கத்தோலிக்கர். பிரிந்து போனவர்கள் புராட்டஸ்டண்டுகள்.

லூதர் வருமுன், கடவுளுக்கு மிக நெருக்கமான வாழ்வு துறவியின் வாழ்வு என்று மக்கள் எண்ணினார்கள். லூதர் அதை மாற்றினார். "செருப்புத் தைப்பதும் கடவுள் கொடுத்த வேலைதான். மாடு மேய்ப்பதும் கடவுள் கொடுத்த வேலைதான்" என்ற கருத்தைப் பரப்பினார்.

ஜெர்மன் மொழியில் தொழிலுக்கு "பெரூப்" என்று பெயர். அழைப்பு என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. கடவுள் ஒவ்வொருவனையும் ஒரு தொழிலுக்கு அழைக்கிறார் என்பது கருத்து. லூதர் வேத புத்தகத்தை மொழிபெயர்த்தபோது இந்தச் சொல்லுக்குப் புது உயிர் வந்தது என்று வேபர் காட்டினார்.

ஆனால் வேபர் முக்கியமாக நம்பியது லூதரை அல்ல. ஜெனிவா நகரில் இருந்த ஜான் கால்வினையும் அவரைப் பின்பற்றியவர்களையும்தான்.

"நான் தப்புவேனா?"

கால்வின் ஒரு கடுமையான போதனையைச் சொன்னார். யார் மோட்சம் போவார்கள், யார் நரகம் போவார்கள் என்று கடவுள் ஆதியிலேயே தீர்மானித்து விட்டார். மனிதன் எதைச் செய்தாலும் அதை மாற்ற முடியாது. பூசை செய்தாலும் மாறாது, தர்மம் செய்தாலும் மாறாது, குருவானவர் ஜெபித்தாலும் மாறாது. இதற்கு "முன்குறித்தல்" என்று பெயர்.

ஒரு சாதாரண வியாபாரியை எண்ணிப் பாருங்கள். இரவில் படுக்கிறான். "நான் தேர்ந்தெடுக்கப்பட்டவனா, தள்ளப்பட்டவனா?" என்ற கேள்வி நெஞ்சைக் குடைகிறது. யாரைக் கேட்பான்? கத்தோலிக்கராக இருந்தால் குருவிடம் பாவத்தைச் சொல்லி ஆறுதல் பெறலாம். இவனுக்கு அந்த வழியும் இல்லை.

இங்கேதான் வேபர் தம் வாதத்தின் முடிச்சைப் போடுகிறார்.

பிற்காலப் போதகர்கள் அந்த வியாபாரிக்கு ஒரு ஆறுதல் சொன்னார்கள். 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ரிச்சர்டு பாக்ஸ்டர் அவர்களில் ஒருவர். "உன் தொழிலை ஒழுங்காகச் செய். நேரத்தை வீணாக்காதே. வீண் பேச்சு, அதிகத் தூக்கம், ஆடம்பரம் வேண்டாம்" என்ற முறையில் அவர் போதித்தார்.

உழைப்பால் மோட்சம் வாங்க முடியாது. ஆனால் ஒழுங்காக உழைக்க முடிவதே, தொழில் செழிப்பதே, "நீ தேர்ந்தெடுக்கப்பட்டவன்" என்பதற்கு ஒரு அடையாளம் என்று மக்கள் நினைக்கத் தொடங்கினார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவன் நாள் முழுவதும் உழைக்கிறான், லாபம் வருகிறது. குடிக்க மாட்டான், சூதாட மாட்டான், பட்டு உடுத்த மாட்டான். அந்தப் பணம் எங்கே போகும்? திரும்பவும் தொழிலுக்குத்தான் போகும்! அடுத்த ஆண்டு லாபம் இன்னும் கூடும். அதுவும் தொழிலுக்கே போகும்.

மடத்துக்குள் துறவி இருந்த கட்டுப்பாடு கடைக்குள் வந்து விட்டது. வியாபாரி துறவி ஆனான். ஆனால் அவன் பெட்டி நிறைந்தது! இதுதான் வேபர் சொன்ன கருத்தின் சாரம்.

குளத்தில் ஒரு ஞானஸ்நானம்

கட்டுரையின் முதல் பாதியை முடித்தபோது வேபர் மனைவி மரியானுடன் அமெரிக்கா போயிருந்தார். 1904-ம் ஆண்டு அக்டோபர் மாதம். வட கரோலினா மாநிலத்தில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஒரு குளக்கரைக்குப் போனார்.

நல்ல குளிர். பாப்டிஸ்டு சபையில் சேர வந்தவர்கள், உடுத்திய உடையோடு ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். போதகர் அவர்களை முக்கி எடுத்தார். நடுங்கிக் கொண்டே கரை ஏறினார்கள்.

ஒரு வாலிபன் இறங்கியபோது, வேபரின் உறவினர் சிரித்தார். "இவன் இறங்குவான் என்று எனக்குத் தெரியும்" என்றார்.

"ஏன்?" என்று கேட்டார் வேபர்.

அவன் அந்த ஊரில் பாங்கி திறக்கப் போகிறான் என்று பதில் வந்தது!

அந்தச் சபை யாரையும் சும்மா சேர்த்துக் கொள்ளாது. நடத்தையை நன்றாக விசாரித்த பிறகுதான் சேர்க்கும். ஆகவே அங்கே சேர்ந்தவன் நாணயமானவன் என்று ஊரார் நம்புவார்கள். பணத்தை அவனிடம் போடுவார்கள். வேறு மதத்தாரும் அவனைத் தேடி வருவார்கள்.

வேபர் இதைப் பிறகு தனிக் கட்டுரையாக எழுதினார். கவனியுங்கள்: நரகத்துக்குப் பயந்து உழைப்பது வேறு, ஊராரிடம் நற்பெயர் வாங்குவது வேறு. மதம் தொழிலுக்கு உதவும் வழி ஒன்று அல்ல என்று வேபரே கண்டார்.

109 பேர் எப்படி வந்தார்கள்?

இனி எதிரிகளின் வாதம். முதலில் ஒரு வேடிக்கையான பிழை.

வேபர் தம் கட்டுரையைப் புள்ளி விவரத்தோடு தொடங்கினார். ஜெர்மனியில் பாடன் என்ற மாநிலம். அங்கே 1895-ம் ஆண்டு 100 பேரில் 37 பேர் புராட்டஸ்டண்டுகள், 61 பேர் கத்தோலிக்கர். ஆனால் தொழில் நடத்துகிறவர்களிலும், தேர்ந்த தொழிலாளர்களிலும் புராட்டஸ்டண்டுகளே அதிகம் என்றார். படிப்பிலும் அப்படியே. விஞ்ஞானமும் புதிய மொழிகளும் கற்றுக் கொடுத்த ஒரு வகை உயர் பள்ளியில், 100 மாணவருக்கு 69 பேர் புராட்டஸ்டண்டு, 31 பேர் கத்தோலிக்கர், 9 பேர் யூதர் என்று அடிக்குறிப்பில் அச்சாகியிருந்தது.

கூட்டிப் பாருங்கள். 69-ம் 31-ம் 100. அதோடு 9. மொத்தம் 109!

நூற்றுக்கு 109 பேர் எப்படி இருக்க முடியும்? வேபரின் மாணவர் ஆபன்பாக்கர் தொகுத்த அட்டவணையில் இருந்த தவறு அது. 59 என்பது 69 ஆகி விட்டது. ஆசிரியர் கூட்டிப் பார்க்கவில்லை. இதைப் பிடித்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் குர்ட் சாமுவேல்சன். அவருடைய நூல் 1957-ல் வெளிவந்தது.

"59 ஆனாலும் 37-ஐ விட அதிகம்தானே?" என்று கேட்பீர்கள். சாமுவேல்சன் அதற்கும் பதில் வைத்திருந்தார். அந்தப் பள்ளிகள் எந்த ஊர்களில் இருந்தன என்று பார்த்தார். புராட்டஸ்டண்டுகள் அதிகம் வாழ்ந்த வட்டாரங்களிலேயே அவை இருந்தன. பள்ளி பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் போவார்கள். இதில் மதத்துக்கு என்ன வேலை என்று கேட்டார்.

லூதர் பிறக்கும் முன்பே

இரண்டாவது வாதம் சரித்திரத்திலிருந்து வந்தது. முதலாளித்துவத்தைப் புராட்டஸ்டண்டுகள் தொடங்கி வைத்தார்கள் என்றால், அவர்களுக்கு முன் அது இருக்கக் கூடாது அல்லவா?

இத்தாலியில் பிராட்டோ என்ற ஊர். அங்கே பிரான்செஸ்கோ டாட்டீனி என்று ஒரு வியாபாரி இருந்தார். 1348-ம் ஆண்டு கொள்ளை நோயில் பெற்றோரை இழந்த அனாதை. வளர்ந்து, பல நாடுகளில் கிளைகள் வைத்து, கம்பளி, ஆயுதம், உப்பு என்று பல சரக்குகளை விற்றார். ஒவ்வொரு கிளைக்கும் கடிதம் எழுதியபடியே இருப்பார். சுமார் 1½ லட்சம் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன! கணக்குப் புத்தகங்கள் 500-க்கு மேல். அந்தப் புத்தகங்களின் தலைப்பில் கடவுளின் பெயரையும் லாபத்தையும் சேர்த்தே எழுதினார்.

டாட்டீனி இறந்தது 1410-ல். லூதர் பிறந்தது 1483-ல். டாட்டீனி கத்தோலிக்கர். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி 1494-ல் வெனிஸ் நகரில் நூல் அச்சிட்ட லூக்கா பச்சியோலியோ கத்தோலிக்கத் துறவி!

இங்கிலாந்து அறிஞர் டானி 1926-ல் எழுதிய நூலில் இதைச் சுட்டிக் காட்டினார். வெனிஸ், பிளாரன்ஸ், ஆன்ட்வெர்ப் ஆகிய நகரங்களில் முதலாளித்துவம் ஏற்கனவே தழைத்திருந்தது என்றார். கால்வினின் ஜெனிவாவிலோ வட்டிக்கு வரம்பு, விலைக்கு வரம்பு, ஆடம்பரத்துக்குத் தடை! முதலில் வியாபாரிகளைக் கட்டிப் போட்ட மதம், வியாபாரிகள் பெருகிய பிறகு அவர்களுக்கு ஏற்றபடி மாறிக் கொண்டது. மதம் வியாபாரத்தை மாற்றியது உண்மை. வியாபாரம் மதத்தை மாற்றியதும் உண்மை என்றார் டானி.

ஸ்காட்லாந்தையும் எதிரிகள் காட்டினார்கள். அது 1560-லேயே கால்வின் வழிக்கு மாறிய நாடு. ஆனால் 1690-களிலும் அங்கே பஞ்சம். கத்தோலிக்க நாடான பெல்ஜியமோ, ஐரோப்பாக் கண்டத்தில் முதன்முதலாக ஆலைத் தொழில் வளர்ந்த நாடு.

வேபர் கட்சியாரும் சும்மா இருக்கவில்லை. "பேராசையும் வியாபாரமும் எல்லாக் காலத்திலும் உண்டு. வேபர் அதைச் சொல்லவில்லை. பணம் பெருக்குவது கடமை என்ற எண்ணத்தையே சொன்னார். டாட்டீனியைப் பாருங்கள். கடைசிக் காலத்தில் மனம் கலங்கி, சொத்தை ஏழைகளுக்கு எழுதி வைத்தாரே! சம்பாதித்தது பாவமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. பாக்ஸ்டரின் சீடனுக்கு அந்தப் பயம் இல்லை" என்பது அவர்கள் பதில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதம் ஒன்றே முதலாளித்துவத்தை உண்டாக்கியது என்று வேபர் எழுதவில்லை. அப்படிச் சொல்வது முட்டாள்தனம் என்றே எழுதினார். பல காரணங்களில் இது ஒன்று என்பதே அவர் கட்சி.

விட்டன்பர்க்கிலிருந்து எவ்வளவு தூரம்?

வாதம் இப்படியே போய்க் கொண்டிருந்தது. பிறகு பொருளாதார நிபுணர்கள் கணக்கோடு வந்தார்கள்.

ஜெர்மனியின் பெரும் பகுதியாக இருந்த பிரஷ்யாவில் 1871-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியுமா என்றும் அதில் கேட்டார்கள். சாஷா பெக்கர், லூட்கர் வோஸ்மான் என்ற இரு ஜெர்மன் நிபுணர்கள் அந்தக் கணக்கை எடுத்து, 452 வட்டாரங்களை ஒப்பிட்டார்கள். முடிவை 2009-ல் வெளியிட்டார்கள்.

முதலில் கண்டது வேபர் சொன்னதுதான். புராட்டஸ்டண்டுகள் நிறைந்த வட்டாரங்களில் வருமானம் அதிகம். விவசாயத்தை விட்டுத் தொழிலுக்குப் போனவர்களும் அதிகம்.

ஆனால் ஒரு சந்தேகம். பணக்கார ஊர்கள்தான் புராட்டஸ்டண்டு மதத்துக்கு மாறினவோ? டாக்டர்கள் நிறைந்த இடத்தில் நோயாளிகளும் நிறைந்திருப்பார்கள். அதனால் டாக்டர்களே நோயை உண்டாக்கினார்கள் என்று சொல்லலாமா? எது முன், எது பின் என்று பார்க்க வேண்டும்.

அதற்கு அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். குளத்தில் கல் விழுந்தால் அலை வட்டமாகப் பரவுகிறது அல்லவா? லூதரின் போதனையும் அப்படித்தான் விட்டன்பர்க்கிலிருந்து பரவியது. ஊர் பக்கத்தில் இருந்தால் மாறியிருக்கும். தூரத்தில் இருந்தால் மாறாமல் இருந்திருக்கும். லூதருக்கு முன் விட்டன்பர்க் பெரிய வியாபார நகரமோ, செல்வ நகரமோ அல்ல. ஆகவே அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்ததால் மட்டும் யாரும் பணக்காரர் ஆகியிருக்க முடியாது. தூரத்தை வைத்து, மதத்தால் வந்த வித்தியாசத்தை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள்.

விடை என்ன? புராட்டஸ்டண்டு வட்டாரங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம். படிப்பைக் கணக்கில் சேர்த்தவுடன், பணத்தில் இருந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்து விட்டது! ஒரே அளவு படிப்பு உள்ள இரண்டு வட்டாரங்களை எடுத்தால், புராட்டஸ்டண்டு என்றும் கத்தோலிக்கர் என்றும் பெரிய பேதம் இல்லை.

ஏன் அங்கே படிப்பு அதிகம்? வேத புத்தகத்தை ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும் என்றார் லூதர். 1522-ல் புதிய ஏற்பாட்டையும், 1534-ல் முழு வேத புத்தகத்தையும் ஜனங்கள் பேசும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். புத்தகம் வந்தால் போதுமா? படிக்கத் தெரிய வேண்டாமா? 1524-ல் நகர சபைகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பள்ளிக்கூடம் திறக்கச் சொன்னார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று அதற்கு முன்பே எழுதியிருந்தார்.

வேதம் படிக்கக் கற்ற பிள்ளை, கடிதமும் படித்தது. ரசீதும் படித்தது. 300 ஆண்டு கழித்து யந்திரமும் ஆலையும் வந்தபோது, அந்தப் படிப்பு கூலியாகவும் லாபமாகவும் திரும்பி வந்தது. லூதர் காசுக்காகப் பள்ளி கேட்கவில்லை. ஆனால் காசு தானாக வந்து சேர்ந்தது!

272 நகரங்களின் சாட்சி

இன்னொரு சோதனையும் நடந்தது. டாவிடே கன்டோனி என்ற நிபுணர் 272 ஜெர்மன் நகரங்களை எடுத்தார். 1300 முதல் 1900 வரை, 600 ஆண்டுகளில் அவற்றின் ஜனத்தொகை எப்படி வளர்ந்தது என்று பார்த்தார். பிழைப்புத் தேடி மக்கள் குடியேறும் நகரம் பெரிதாகும், ஆகவே நகரத்தின் அளவு வளத்தைக் காட்டும் என்பது அவர் எண்ணம்.

ஜெர்மனி இதற்கு வசதியான இடம். 1555-ம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. அரசன் எந்த மதமோ, அதுவே குடிகளின் மதம் என்று முடிவாயிற்று. ஜனங்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து நகரங்கள் வேறு வேறு மதமாயின.

2015-ல் வெளிவந்த அவர் முடிவு: புராட்டஸ்டண்டு நகரம் வேகமாக வளரவில்லை. கத்தோலிக்க நகரம் பின்தங்கவும் இல்லை. இரண்டும் ஒன்றுபோலவே வளர்ந்தன.

முதல் சோதனையில் வித்தியாசம் உண்டு, இரண்டாவதில் இல்லை. இது முரண்பாடா? அல்ல. ஒன்று ஜனங்களின் வருமானத்தையும் தொழிலையும் அளந்தது. மற்றது நகரத்தின் தலைக் கணக்கை அளந்தது. நகரத்தில் ஆள் கூடாமலே ஆளுக்கு வருமானம் கூடலாம்.

இந்தச் சோதனைகளுக்கும் ஒரு குறை உண்டு. ஜெர்மன் புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோர் லூதரைப் பின்பற்றியவர்கள். வேபர் முக்கியமாகச் சொன்னது கால்வினின் சீடர்களைப் பற்றி. இங்கிலாந்து, ஹாலந்து, அமெரிக்க நாடுகளின் கடுமையான பக்தர்களைப் பற்றி. அவர்கள் மனதில் இருந்த பயத்தை எந்த ஜனத்தொகைக் கணக்கிலும் எழுதி வைக்கவில்லை. ஆகவே வேபர் அடியோடு தோற்றார் என்று சொல்ல முடியாது. "புராட்டஸ்டண்டு நாடு பணக்கார நாடு. காரணம் அவர்கள் ஒழுக்கம்" என்று பலர் சுருக்கிச் சொல்லும் பேச்சுத்தான் தோற்றது.

சென்னையில் கேட்ட கேள்வி

இந்தச் சண்டை நம் ஊருக்கும் வந்தது. வேபர் 1916, 1917-ம் ஆண்டுகளில் இந்திய மதங்களைப் பற்றியும் எழுதினார். சாதியும் மறுபிறவி நம்பிக்கையும் உள்ள நாட்டில், இந்த மாதிரி முதலாளித்துவ மனப்பான்மை தானாகத் தோன்றாது என்றார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நூல்களைப் படித்தே எழுதினார்.

1964-ல் அமெரிக்க அறிஞர் மில்டன் சிங்கர் சென்னைக்கு வந்தார். நேரில் பார்ப்போம் என்று 19 பெரிய தொழிலதிபர்களைச் சந்தித்துப் பேசினார். பெரும்பாலோர் இந்துக்கள். மதத்தை விட்டு விட்டா ஆலை கட்டினார்கள்? இல்லை! வீட்டில் பூசையும் உண்டு, ஆலையில் யந்திரமும் உண்டு. இரண்டையும் தனித் தனியாக வைத்துக் கொண்டார்கள். நேரம் இல்லாதவர்கள் சடங்குகளைச் சுருக்கிக் கொண்டார்கள். தொழில் நடத்துவதும் தர்மமே என்று நினைத்தார்கள்.

புத்தகத்தில் உள்ள மதம் வேறு, மனிதன் வாழும் மதம் வேறு என்று சிங்கர் காட்டினார். ஐரோப்பாவைப் பற்றி டானி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே!

போர்வை இரும்பானது

வேபர் 1920-ல் மியூனிக் நகரில் நிமோனியா காய்ச்சலில் இறந்தார். வயது 56. அந்த ஆண்டுதான் தம் பழைய கட்டுரையைத் திருத்தி முடித்திருந்தார். 109 பேர் அப்போதும் அடிக்குறிப்பில் அப்படியே இருந்தார்கள்!

அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கங்களை எதிரிகளும் மதிக்கிறார்கள். பக்தனுக்குப் பொருள் என்பது தோளில் கிடக்கும் மெல்லிய போர்வை போல இருக்க வேண்டும், வேண்டாதபோது எடுத்து எறிய வேண்டும் என்று பாக்ஸ்டர் எண்ணினார். அந்தப் போர்வை இரும்பாக இறுகி விட்டது என்றார் வேபர். அந்தப் பக்தன் விரும்பி உழைத்தான். இன்று பக்தி போய் விட்டது. உழைப்பின் ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஓட வேண்டியிருக்கிறது.

2½ மார்க் போதும் என்று அரிவாளைத் துடைத்துக் கொண்டு வீட்டுக்குப் போனானே ஒருவன், அவனுக்கு அந்த இரும்புக் கூடு தெரியாது. ஆனால் அவன் மகனோ பேரனோ பள்ளிக்கூடம் போயிருப்பான். அட்டவணையைப் படித்திருப்பான். 69-ம் 31-ம் 9-ம் எவ்வளவு என்று கூட்டியும் பார்த்திருப்பான்.